99 சதவீதம் பத்திரம்... ஆனா முகம் எங்கே? படத்தைச் சுருக்கும் எஸ்விடி கணக்கும் அதன் பொறியும்

ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. அதை முழுக்க அழித்துவிட்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே சாம்பல் நிறத்தைப் பூசிக் கொடுக்கிறார் ஒருவர். கேட்டால், "கவலைப்படாதீங்க, போட்டோல இருந்த 85 சதவீதம் அப்படியே இருக்கு" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. படச் சுருக்கத்திலும் டேட்டா சயின்ஸிலும் பயன்படும் ஒரு அளவுகோலின்படி அவர் சொன்னது சரியான கணக்கு.

அந்தக் கணக்கின் பெயர் சிங்குலர் வேல்யூ டீகாம்போசிஷன், சுருக்கமாக எஸ்விடி. "ஒரே காம்போனன்ட் 99 சதவீதத்தை விளக்குது" என்று அலுவலக மீட்டிங்கில் காட்டப்படும் பிசிஏ வரைபடங்களுக்குள்ளே ஓடுவதும் இதுதான். சாம்பல் தாளுக்கு 85 மதிப்பெண் எப்படிக் கிடைத்தது என்பது புரிந்தால், அந்த வரைபடங்களை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பதும் புரியும்.

படம் என்பது ஓர் அட்டவணை

கம்ப்யூட்டருக்குக் கறுப்பு வெள்ளைப் படம் என்பது வெறும் எண்களின் அட்டவணை. பள்ளியில் 'அணி' என்று படித்த அதே மேட்ரிக்ஸ்தான். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிக்ஸலின் வெளிச்சம். 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை.

இப்போது ஒரு கட்டம் போட்ட லுங்கியை நேராக விரித்து வைத்து போட்டோ எடுத்ததாக வைத்துக்கொள்வோம். அந்த டிசைனை இன்னொருவருக்குச் சொல்ல ஒவ்வொரு புள்ளியையும் சொல்ல வேண்டியதில்லை. குறுக்கே போகும் கோடுகள் எப்படி, நெடுக்கே போகும் கோடுகள் எப்படி என்று இரண்டு பட்டியல் கொடுத்தால் போதும். ஒரு புள்ளியின் வெளிச்சம் வேண்டுமென்றால் அந்த இரண்டு பட்டியலிலிருந்தும் ஒவ்வோர் எண்ணை எடுத்துப் பெருக்கிக்கொள்ளலாம். இப்படி ஒரு நெடுக்குப் பட்டியல், ஒரு குறுக்குப் பட்டியல் இரண்டின் பெருக்கலாக முழுதும் எழுத முடிகிற அட்டவணையை 'ரேங்க் 1' என்பார்கள்.

உண்மையான போட்டோ எதுவும் அவ்வளவு எளிமையாக இருக்காது. ஆனால், எந்தப் படத்தையும் இப்படிப்பட்ட ரேங்க் 1 அடுக்குகளின் கூட்டலாகப் பிரித்துவிட முடியும். முக்கியமான அடுக்கு முதலில், அதைவிடக் கொஞ்சம் குறைவானது அடுத்து என்று வரிசைப்படுத்தியும் தந்துவிட முடியும். எஸ்விடி செய்வது இதைத்தான். ஒவ்வோர் அடுக்கின் எடையைச் சொல்லும் எண்ணுக்குத்தான் 'சிங்குலர் வேல்யூ' என்று பெயர்.

ஒன்பது பிக்ஸலில் ஒரு கணக்கு

மூன்றுக்கு மூன்று அளவில் ஒரு குட்டிப் படம்:

```
22 14 16
41 22 38
38 16 44
```

இதன் முதல் அடுக்குக்கு நெடுக்குப் பட்டியல் 1, 2, 2. குறுக்குப் பட்டியல் 2, 1, 2. இரண்டையும் பெருக்கி, மொத்தத்தையும் 10 மடங்காக்கினால் இது கிடைக்கும்:

```
20 10 20
40 20 40
40 20 40
```

மூலத்திலிருந்து இதைக் கழித்தால் மீதி:

```
 2  4 -4
 1  2 -2
-2 -4  4
```

இந்த மீதியும் ஒரு ரேங்க் 1 அடுக்குதான். அதன் நெடுக்குப் பட்டியல் 2, 1, -2. குறுக்குப் பட்டியல் 1, 2, -2. அதற்கு மேல் எதுவும் மிச்சமில்லை. இரண்டே அடுக்கில் படம் முடிந்துவிட்டது.

எடை எவ்வளவு? இந்தப் பட்டியல் ஒவ்வொன்றின் நீளமும் 3 (1, 2, 2 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 9, அதன் வர்க்கமூலம் 3). அதனால் முதல் அடுக்கின் சிங்குலர் வேல்யூ 10 × 3 × 3 = 90. இரண்டாவது அடுக்குக்கு 1 × 3 × 3 = 9. மூன்றாவது பூஜ்ஜியம்.

ஒன்பது பிக்ஸல்களையும் தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டினால் 8,181 வரும். 90-ன் வர்க்கம் 8,100, 9-ன் வர்க்கம் 81, இரண்டும் சேர்ந்தாலும் அதே 8,181. ஆக முதல் அடுக்கு மட்டும் 8,100 / 8,181, அதாவது 99 சதவீதத்தைப் பிடித்துவிட்டது. இந்தப் பங்கைத்தான் 'எனர்ஜி' என்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த 99 சதவீதப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். அதில் இரண்டாவது வரிசையும் மூன்றாவது வரிசையும் ஒன்றேதான். மூலத்தில் அவை 41, 22, 38 என்றும் 38, 16, 44 என்றும் வேறு வேறாக இருந்தன. முதல் நெடுவரிசைக்கும் மூன்றாவதற்கும் இருந்த வித்தியாசமும் போய்விட்டது. கழற்றி வீசிய ஒரு சதவீதத்துக்குள்ளேதான் அந்த வித்தியாசங்கள் எல்லாம் இருந்தன.

இதைவிடச் சிறப்பாகச் சுருக்க முடியாதா?

முதல் சில அடுக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுவதற்கு 'லோ ரேங்க் அப்ராக்சிமேஷன்' என்று பெயர். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் எக்கார்ட்டும் கேல் யங்கும் 1936-ல் 'சைக்கோமெட்ரிகா' என்ற ஆய்விதழில் இது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் சாரம் இதுதான்: 50 அடுக்குதான் வைக்கலாம் என்று முடிவு செய்துவிட்டால், எஸ்விடி தரும் முதல் 50 அடுக்குகளைவிடக் குறைந்த பிழையோடு அசலை ஒட்டி வரும் ரேங்க் 50 அட்டவணை வேறு எதுவும் கிடையாது. எந்தக் கெட்டிக்காரத்தனமும் இதை முந்த முடியாது.

இங்கே 'பிழை' என்பது ஒவ்வொரு பிக்ஸலிலும் வரும் வித்தியாசத்தின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை. மனிதக் கண் அப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. வானத்தில் பரவலாக வரும் சின்ன நிற மாற்றத்தைக் கண் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இமையோரத்துக் கோடு மங்கினால் உடனே தெரிந்துவிடும். எஸ்விடிக்கு இரண்டும் ஒன்றுதான்.

உண்மையில் எவ்வளவு மிச்சம்?

1080-க்கு 1080 அளவுள்ள போட்டோவில் 11,66,400 எண்கள் உண்டு. 50 அடுக்கு மட்டும் வைத்தால், ஒவ்வோர் அடுக்குக்கும் 1080 எண் கொண்ட நெடுக்குப் பட்டியல், 1080 எண் கொண்ட குறுக்குப் பட்டியல், ஒரு சிங்குலர் வேல்யூ. மொத்தம் 50 × 2161 = 1,08,050 எண்கள். அசலில் ஏறத்தாழ 9 சதவீதம்தான்.

பல பாடக் குறிப்புகள் இங்கேயே நிறுத்திவிடும். ஆனால், இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அசலில் ஒரு பிக்ஸலுக்கு ஒரு பைட் போதும். புதிய பட்டியல்களில் இருப்பவையோ தசம எண்கள். வழக்கமான முறையில் ஒவ்வொன்றையும் நான்கு பைட்டில் சேமித்தால் 4,32,200 பைட் ஆகிறது. அதாவது 37 சதவீதம். இப்படிக் கணக்குப் போட்டால் 134 அடுக்கு வரைக்கும்தான் லாபம். 135-வது அடுக்கைச் சேர்த்ததும் 'சுருக்கிய' படம் அசலைவிடப் பெரிதாகிவிடும்.

படமும் ஒத்துழைக்க வேண்டும். நேராக விரித்த லுங்கி ஓரிரு அடுக்கிலேயே முடிந்துவிடும். அதே லுங்கியைக் கொஞ்சம் சாய்த்து வைத்து எடுத்தால், அதே டிசைனுக்கு ஏராளமான அடுக்குகள் வேண்டும். குறுக்கு, நெடுக்கு இரண்டைத் தவிர வேறு திசையை ஓர் அடுக்கால் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். 100-க்கு 100 கட்டத்தில் மூலைக்கு மூலை ஒரே ஒரு பிக்ஸல் அகலத்தில் வெள்ளைக் கோடு இழுத்தால், அதன் நூறு சிங்குலர் வேல்யூவும் சமமாக இருக்கும். 50 அடுக்கு வைத்தாலும் பாதிதான் பிடிபடும். பார்வைக்கு அது ஒரு கோடுதான், எஸ்விடிக்கோ அதைவிடக் கடினமான படம் கிடையாது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க பைத்தானில் சில வரிகள் போதும்:

```python
import numpy as np
from PIL import Image

A = np.asarray(Image.open("photo.jpg").convert("L"), dtype=float)
U, s, Vt = np.linalg.svd(A, full_matrices=False)
k = 50
Ak = (U[:, :k] * s[:k]) @ Vt[:k]
print((s[:k]**2).sum() / (s**2).sum())
print(np.sqrt(np.mean((A - Ak)**2)))
```

முதலில் அச்சாவது எனர்ஜிப் பங்கு. அடுத்தது ஒரு பிக்ஸலுக்கு எத்தனை அளவு வெளிச்சம் பிசகியிருக்கிறது என்ற சராசரிப் பிழை. பார்க்க வேண்டியது இரண்டாவதை. ஏன் என்பது அடுத்து.

அந்த 85 எப்படி வந்தது?

ஒரு போட்டோவின் சராசரி வெளிச்சம் 120. பிக்ஸல்கள் அந்தச் சராசரியிலிருந்து விலகும் அளவு, அதாவது திட்ட விலக்கம், 50. சாதாரணப் பகல் நேரப் படத்தில் இப்படி அமைவது இயல்புதான். ஒரு பிக்ஸலின் சராசரி எனர்ஜி என்பது 120-ன் வர்க்கமும் 50-ன் வர்க்கமும் சேர்ந்தது. அதாவது 14,400 + 2,500 = 16,900.

முழுத் தாளிலும் 120 என்ற ஒரே சாம்பலைப் பூசினால் அந்த 14,400 கிடைத்துவிடும். 16,900-ல் அது 85 சதவீதம். முகம், மரம், எழுத்து என்று போட்டோவில் பார்க்கத் தகுந்த எல்லாமே மீதியுள்ள 2,500-க்குள்தான் இருக்கின்றன. எஸ்விடியின் முதல் அடுக்கு இந்தச் சாம்பல் தாளைவிட மோசமாகப் போகவே போகாது. அதனால்தான் எதைச் சுருக்கினாலும் முதல் அடுக்கிலேயே பெரிய சதவீதம் வந்து விழுகிறது.

இதே படத்தில் 99 சதவீதம் வந்துவிட்டது என்று நிறுத்தினால், விட்டுப்போன ஒரு சதவீதம் 169. அதன் வர்க்கமூலம் 13. அதாவது ஒவ்வொரு பிக்ஸலும் சராசரியாக 13 அளவு பிசகியிருக்கிறது. அதுவும் சமமாகப் பரவியிருக்காது. வானத்தில் ஒன்றும் இருக்காது, கண்ணோரத்திலும் பெயர்ப் பலகை எழுத்திலும் கூடிக் கிடக்கும். 99.9 சதவீதம் வரை போனால்தான் பிசகு 4-க்கு இறங்குகிறது.

சரி, பிசிஏவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பிரின்சிபல் காம்போனன்ட் அனாலிசிஸ் என்ற பிசிஏவை 1901-ல் கார்ல் பியர்சனும், பிறகு 1933-ல் ஹெரால்டு ஹோட்டலிங்கும் வேறு வேறு வழியில் உருவாக்கினார்கள். டேட்டா எந்தத் திசையில் அதிகமாக விரிந்து கிடக்கிறது என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. இன்று கம்ப்யூட்டரில் அதைச் செய்யும் வழி எளிது: ஒவ்வொரு நெடுவரிசையிலிருந்தும் அதன் சராசரியைக் கழி, பிறகு எஸ்விடி போடு. அவ்வளவுதான். எஸ்விடி தரும் குறுக்குப் பட்டியல்களே பிரின்சிபல் காம்போனன்ட்கள். சிங்குலர் வேல்யூவை வர்க்கப்படுத்தி, வரிசைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்தால் அந்தத் திசையின் மாறுபாடு கிடைக்கும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த முதல் படி மட்டும்தான். அதைத் தவறவிட்டால் என்ன ஆகும்? நான்கு மாணவர்கள், கணக்கு, தமிழ் மதிப்பெண்கள்:

```
84 66
76 74
82 68
78 72
```

சராசரியைக் கழிக்காமல் நேரடியாக எஸ்விடி போட்டால், மொத்த எனர்ஜி 45,280. முதல் அடுக்கு ஏறத்தாழ 45,200-ஐப் பிடிக்கிறது. 99.8 சதவீதம்! "ஒரே காம்போனன்ட் போதும் சார்" என்று ரிப்போர்ட் எழுதிவிடலாம். ஆனால், அந்த ஓர் அடுக்கை வைத்து மதிப்பெண்ணைத் திரும்ப எழுதினால் நான்கு பேருக்கும் கணக்கில் சுமார் 80, தமிழில் சுமார் 70 என்றுதான் வருகிறது. வகுப்புச் சராசரியை மட்டும் கண்டுபிடித்துவிட்டு, மாணவர்களை மறந்துவிட்டது.

இப்போது சராசரிகளான 80-ஐயும் 70-ஐயும் கழித்துவிட்டுப் பார்த்தால்:

```
 4 -4
-4  4
 2 -2
-2  2
```

கணக்கில் எவ்வளவு கூடுகிறதோ தமிழில் அவ்வளவு குறைகிறது. இப்போதும் ஒரே காம்போனன்ட்தான், ஆனால் அது மாணவர்களுக்கு இடையிலான வித்தியாசத்தை நூறு சதவீதம் சொல்கிறது. முதல் கணக்கில் தூக்கிப் போட்ட 0.2 சதவீதத்துக்குள் இருந்தது இதுதான்.

வேலையில் இது அடிக்கடி மாட்டிவிடும் இடம் ஒன்று உண்டு. `scikit-learn` தொகுப்பில் உள்ள `PCA` சராசரியைத் தானாகவே கழித்துவிடும். `TruncatedSVD` கழிக்காது. பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்று என நினைத்து மாற்றிப் போட்டால் எந்த எர்ரரும் வராது. முதல் காம்போனன்ட் மட்டும் சந்தேகப்படும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். அதன் திசை, நெடுவரிசைச் சராசரிகளின் விகிதத்தோடு ஒத்துப்போனால் சராசரி கழிக்கப்படவில்லை என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம்.

இன்னொன்று, `PCA` சராசரியைக் கழிக்குமே தவிர அலகுகளைச் சமன் செய்யாது. ஒரு நெடுவரிசையில் மாதச் சம்பளம் ரூபாயில், இன்னொன்றில் வயது ஆண்டில் என்று இருந்தால், ஆயிரக்கணக்கில் ஏறி இறங்கும் சம்பளமே முதல் காம்போனன்ட்டை முழுதாக எடுத்துக்கொள்ளும். அதற்கு ஒவ்வொரு நெடுவரிசையையும் அதன் திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

அப்படியென்றால் போனில் ஏன் எஸ்விடி இல்லை?

அதுதான் மிகச் சிறந்த சுருக்கம் என்று நிரூபணமே இருக்கும்போது, ஜேபெக் ஃபைல்களில் ஏன் அதைப் பயன்படுத்தவில்லை? காரணம், அந்தப் பட்டியல்கள். எஸ்விடி ஒவ்வொரு படத்துக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. படத்தை அனுப்பும்போது அதன் நெடுக்கு, குறுக்குப் பட்டியல்களையும் சேர்த்து அனுப்பியாக வேண்டும். ஃபைலில் கிட்டத்தட்ட முழு இடத்தையும் அவையே அடைத்துக்கொள்ளும்.

எல்லாப் படத்துக்கும் பொருந்தும் ரெடிமேட் பட்டியல் இருந்தால்? அனுப்புபவரின் போனிலும் பெறுபவரின் போனிலும் அது ஏற்கெனவே இருக்கும். எடைகளை மட்டும் அனுப்பினால் போதும். 1974-ல் நசீர் அகமது, டி.நடராஜன், கே.ஆர்.ராவ் ஆகிய மூவர் வெளியிட்ட டிஸ்க்ரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம், அதாவது டிசிடி, அப்படிப்பட்ட ரெடிமேட் பட்டியல்தான். அதில் அகமது பெங்களூருவில் பிறந்தவர். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்ஸல் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இந்த டிசிடியைப் போடுகிறது.

இதில் பிசிஏவின் சாயலும் உண்டு. பக்கத்துப் பக்கத்து பிக்ஸல்கள் பெரும்பாலும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும் என்ற மாதிரியை எடுத்துக்கொண்டு, அதற்கு பிசிஏ என்ன பட்டியல் தருமோ அதற்கு டிசிடி மிக அருகில் வருகிறது என்பதை அந்த 1974 கட்டுரை காட்டியது. ஒரு படத்துக்கு மட்டும் என்றில்லாமல், சராசரிப் படத்துக்கு ஒரே தடவை போட்டு வைத்த பிசிஏ மாதிரி அது. ஒரு குறிப்பிட்ட படத்தில் எஸ்விடி அளவுக்குக் கச்சிதமாக இருக்காது. ஆனால், பட்டியலைச் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை என்பதால் மொத்தத்தில் ஜெயிக்கிறது.

சாம்பல் தாள் பிரச்சினையையும் ஜேபெக் மறக்கவில்லை. கணக்கைத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு பிக்ஸலிலிருந்தும் 128-ஐக் கழித்துவிடுகிறது. சதுரத்தின் சராசரி வெளிச்சத்தைக் குறிக்கும் எண்ணை மற்ற 63 எண்களோடு கலக்காமல், முந்தைய சதுரத்தோடு எவ்வளவு வித்தியாசம் என்று தனியாகக் குறித்து வைக்கிறது.

ஆகவே, அடுத்த முறை ஒரு ஸ்லைடில் "99 சதவீதம் விளக்கப்பட்டது" என்று வந்தால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "சராசரியைக் கழிச்சதுக்கு அப்புறமா, முன்னாடியா?"